வலியே இல்லையே என்று சொல்லும் காலில் என்னென்ன பார்க்க வேண்டும்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

எங்கள் சர்க்கரை நோய் கிளினிக்கில் கால் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருப்பது நான்தான். உள்ளே வரும் பெரியவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்கள்: "கால்ல ஒண்ணும் இல்லம்மா, வலியே கிடையாது." நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் சர்க்கரை பல வருடமாக இருக்கும் காலில், வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிடும். கல் குத்தினாலும் தெரியாது, செருப்பு உரசினாலும் தெரியாது. அதனால் வலிக்கிறதா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ணுக்கு என்ன தெரிகிறது, கைக்கு என்ன தெரிகிறது என்று போவோம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை, சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், ஆறிவிடக் கூடியவைதான்.

முதலில், பார்ப்பது எப்படி

ராத்திரி படுக்கப் போவதற்கு முன் 3 நிமிடம் போதும். நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், அப்புறம் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கண்ணாடி இல்லாமல் காலைப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று வந்த பலரின் விரலிடுக்கில் நான் வெடிப்பைப் பார்த்திருக்கிறேன். குனிய முடியாதவர்கள் ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பிடிக்கலாம், இல்லையென்றால் போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால் அதைவிட நல்லது. மேல் பக்கம், உள்ளங்கால், குதிகாலின் ஓரம், ஒவ்வொரு விரலிடுக்கு. கடைசியாகப் புறங்கையை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, எது சூடாக இருக்கிறது என்று பாருங்கள்.

உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இப்ஸ்விச் தொடுதல் சோதனை என்று அதற்குப் பெயர். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, இரண்டு காலிலும், வரிசை மாற்றி மாற்றி, தம் ஆள்காட்டி விரல் நுனியால் இறகு பட்டது போல ஒன்றிரண்டு நொடி தொட வேண்டும். அழுத்தவும் கூடாது, தடவவும் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று சொல்லுங்கள். மொத்தம் 6 இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உங்கள் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் நைலான் இழையை வைத்து மறுபடி பார்ப்போம். ஒரு விஷயம்: தெரியாத தொடுதலை இரண்டாம் முறை தொட்டுப் பார்க்காதீர்கள். "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டுக் கேட்டுத் தொட்டால் எல்லோரும் பாஸ் ஆகிவிடுவார்கள்.

அறிகுறி: செருப்பையோ ஷூவையோ கழற்றியதும் ஓரிடம் சிவந்திருக்கிறது

கழற்றிய உடனே லேசான சிவப்பு இருப்பது சகஜம். நேரம் பாருங்கள். 20, 30 நிமிடம் கழித்தும் அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால், அந்த இடத்தில் செருப்பு அழுத்துகிறது என்று அர்த்தம். காலில் தப்பு எதுவும் இல்லை, செருப்பில்தான்.

கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். தையல் துருத்திக்கொண்டிருக்கலாம், இன்சோல் மடிந்திருக்கலாம், சின்னக் கல் ஒன்று கிடக்கலாம். ஒருவரின் ஷூவுக்குள்ளிருந்து நான் சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்திருக்கிறேன், இரண்டு நாளாக அதன்மேல்தான் நடந்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அளவைப் பாருங்கள்: ஒரு காகிதத்தின் மேல் எழுந்து நின்று, யாரையாவது பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லி, வெட்டி எடுத்து, ஷூவுக்குள் தட்டையாகப் போட்டுப் பாருங்கள். காகிதம் ஓரத்தில் மடங்கினால் உங்கள் பாதமும் தினமும் அப்படித்தான் மடங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சரியான அளவு ஷூ தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். இறுக்கமாக இருந்தால்தான் காலில் ஏதோ இருப்பதே தெரியும். அதனால் அவர்கள் தாங்களே விரும்பி ஓர் அளவு சின்னதாக வாங்கிவிடுகிறார்கள், "பிடிமானமா இருக்கு" என்ற சந்தோஷத்தோடு. எனவே உணர்வை நம்பாமல் அளவை நம்புங்கள்: நின்றபடி பார்க்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் இருக்க வேண்டும். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். புதுசு "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு, கழற்றிப் பார்த்து, சிவப்பு இல்லையென்றால் மறுநாள் நேரத்தைக் கூட்டலாம்.

அறிகுறி: உள்ளங்காலில் காய்ப்பு, அதன் நடுவில் கருப்பாக ஒரு புள்ளி

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். தோல் தடித்துவிட்டது, அவ்வளவுதானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

காய்ப்பு ஏன் வருகிறது? ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால், தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் தடிக்கிறது. உணர்ச்சி உள்ளவருக்கு அந்த இடம் உறுத்தும், அவர் தன்னையறியாமல் பாதத்தைச் சாய்த்து நடப்பார், அழுத்தம் குறைந்துவிடும். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் அதே கனத்தில் மிதித்துக்கொண்டே இருப்பார். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தத் தடித்த தோலே செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி ஆகி, தனக்குக் கீழே இருக்கும் மெல்லிய சதையை நசுக்கத் தொடங்கும். அங்கே கசியும் ரத்தம்தான் மேலே கருப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளி போலத் தெரிகிறது. வெளியே காய்ப்பு மூடியிருக்கும், உள்ளே புண் ஆரம்பித்திருக்கும்.

எங்களிடம் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 72, ஓய்வுபெற்றவர், 18 வருடமாகச் சர்க்கரை. சாயங்காலம் ஒரு மணி நேரம் நடப்பதை ஒரு நாள் கூட விடாதவர். வலது காலில் இரண்டாம் விரலுக்குக் கீழே, பாதம் அகலமாகிற அந்த மேட்டில், காய்ப்பு. நடுவில் பேனா முனை அளவு கருப்பு. "முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்" என்று மூன்று வாரம் விட்டுவிட்டார். கண்டுபிடித்தது அவருடைய மனைவி. துவைக்க எடுத்த வெள்ளை சாக்ஸில் பொத்தான் அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை இருந்திருக்கிறது, அந்த அம்மா சாக்ஸையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். கறுப்பு சாக்ஸ் என்றால் அந்தக் கறை தெரிந்திருக்காது. வெளிர் நிற சாக்ஸ் போடச் சொல்வது இதற்காகத்தான்.

முதலில் காலில் நாடி பார்த்தோம். பாதத்தின் மேலும், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னும் நன்றாகத் துடித்தது, அதாவது ரத்தம் போகிறது, புண் வந்தாலும் ஆற வாய்ப்பு நல்லபடியாக இருக்கிறது. அப்புறம் டாக்டர் காய்ப்பை மெல்லிய ஏடு ஏடாகச் சீவி எடுத்தார். ஊசி போடவில்லை, பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தார். வலிக்கவில்லை என்பதே அந்தக் காலின் நிலைமையைச் சொல்லிவிட்டது. கடைசி ஏட்டுக்குக் கீழே சுமார் 8 மி.மீ. அகலத்துக்குப் புண். மழுங்கிய கம்பியால் தொட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்படவில்லை, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. சுற்றிலும் சிவப்போ சீழோ இல்லாததால் ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. இது பலருக்கு ஆச்சரியம். கிருமித் தொற்று இல்லாத புண்ணுக்கு மாத்திரை தேவையில்லை, அதற்குத் தேவை அழுத்தம் இல்லாமல் இருப்பதுதான்.

அதில்தான் முதலில் கோட்டைவிட்டோம். கழற்றி மாட்டக்கூடிய பூட்ஸ் ஒன்றைக் கொடுத்து, எழுந்து நிற்கும்போதெல்லாம் போடச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் புண் அப்படியே இருந்தது. விசாரித்தால், பகலில் ஒழுங்காகப் போடுகிறார், ராத்திரி பாத்ரூம் போகும்போது மட்டும் போடுவதில்லையாம். "நாலு எட்டுதானே" என்றார். ராத்திரிக்கு மூன்று முறை, போய்வர அந்த நாலு எட்டு, 14 நாள், ஒவ்வோர் அடியும் அதே புண்ணின் மேல். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, கழற்ற முடிகிற எதையும் மனிதர்கள் கழற்றத்தான் செய்வார்கள். அதனால் முழங்கால் வரை, கழற்ற முடியாத கட்டு போட்டுவிட்டோம். பாதம் முழுக்க ஒட்டி இருப்பதால் எடை ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடும். வாரம் ஒரு முறை வந்தார், கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, புதிதாகப் போட்டோம். அடுத்த 7 வாரத்தில் மூடிவிட்டது. இப்போது அந்த மேட்டுக்குக் கீழே குழிவு வைத்த இன்சோலோடு நடக்கிறார், 2 மாதத்துக்கு ஒரு முறை காய்ப்பைச் சீவிக்கொண்டு போகிறார். ஒரு முறை புண் வந்த இடம் மறுபடி வரக்கூடிய இடம், அழுத்தத்துக்குக் காரணமான எலும்பின் அமைப்பு அப்படியேதானே இருக்கிறது.

சரி, உங்கள் காய்ப்புக்கு என்ன செய்வது? கருப்புப் புள்ளி, ஈரக் கசிவு, நிற மாற்றம், வாடை, இதில் ஒன்று இருந்தாலும் ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். எதுவும் இல்லாத வெறும் காய்ப்பு என்றால் அவசரம் இல்லை, அடுத்த பரிசோதனையில் நாங்கள் சீவிவிடுவோம். பிளேடால் நீங்களே வெட்ட வேண்டாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வலி இல்லை. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலத்துக்குக் காய்ப்புத் தோல் எது, நல்ல தோல் எது என்று தெரியாது, இரண்டையும் கரைத்துவிடும்.

அறிகுறி: ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது, வலி பெரிதாக இல்லை

இரண்டு காலும் சாயங்காலத்தில் லேசாக வீங்குவது வேறு கதை, அதற்கு இதயம், சிறுநீரகம், மாத்திரை என்று வேறு காரணங்களைப் பார்ப்போம். இங்கே சொல்வது ஒரு காலை மட்டும். புறங்கையை வைத்தாலே இன்னொரு காலைவிடச் சூடு தெரிகிறது, வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்றால் நாங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

தோலில் எங்காவது திறப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். புண், வெடிப்பு, நகத்தின் ஓரத்தில் சீழ், எதுவாக இருந்தாலும் கிருமி உள்ளே போயிருக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் ஷார்கோ பாதம் என்ற ஒன்று நினைவுக்கு வர வேண்டும். உணர்ச்சி இல்லாத பாதத்தில் எலும்புகள் மெல்ல விரிசல் விட்டு, மூட்டுகள் விலகத் தொடங்கும் நிலை அது. சுளுக்கு என்றோ யூரிக் ஆசிட் என்றோ நினைத்து ஒரு மாதம் நடந்துவிட்டு வருபவர்கள் உண்டு, அதற்குள் பாதத்தின் வளைவு இறங்கி உள்ளங்கால் தொட்டில் போல ஆகிவிடுகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம், எனவே "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தாலும் சூடு இருக்கிற வரை மறுபடி வந்து காட்டுங்கள்.

செய்ய வேண்டியது: அந்தக் காலில் எடை போடுவதை உடனே நிறுத்தி, அன்றைக்கே வந்துவிடுவது. தைலம் தேய்ப்பது, ஒத்தடம், நீவிவிடுவது எதுவும் வேண்டாம். ஆரம்பத்திலேயே கட்டு போட்டு எடையை எடுத்துவிட்டால் பாதம் பெரும்பாலும் தன் வடிவத்திலேயே நின்றுவிடும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

அறிகுறி: குதிகால் வெடிப்பு, அல்லது விரலிடுக்கு வெளுத்து ஊறியிருக்கிறது

இரண்டும் நேர் எதிர். குதிகால் காய்ந்துபோனதால் வெடிக்கிறது, விரலிடுக்கு ஈரம் தங்கியதால் ஊறுகிறது. குதிகாலுக்கு யூரியா கலந்த கிரீம், தினமும் இரண்டு வேளை. விரலிடுக்குக்குக் கிரீமே கூடாது, மெல்லிய துணியை இடுக்கில் விட்டு ஒற்றி ஒற்றித் துடையுங்கள். அரிப்போடு தோல் உரிந்தால் அது சேற்றுப்புண், பூஞ்சைக்கான களிம்பை நாங்கள் எழுதித் தருவோம். கால் மென்மையாகட்டும் என்று தண்ணீரில் ஊறவைத்து உட்கார வேண்டாம், ஊறிய தோல்தான் முதலில் கிழியும்.

அறிகுறி: கால் சில்லென்று இருக்கிறது, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறது, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறது என்றால் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். சில நாளுக்குள் வந்து காட்டினால் போதும். ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் குறைகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், மறுநாளே வாருங்கள். ஒரு கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, அசைக்க முடியாமல் போனால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

சில்லென்று இருக்கிறதே என்று சுடுதண்ணீர் பையைக் காலடியில் வைத்துக்கொள்வதுதான் நான் மிகவும் பயப்படுகிற விஷயம். சூடு தெரியாமல் அப்படியே தூங்கிவிடுவார்கள், காலையில் பார்த்தால் கொப்புளம். சாக்ஸ் போட்டுக்கொண்டு படுங்கள், போதும். கால் கழுவும் தண்ணீரையும் காலை விட்டுப் பார்க்காமல் முழங்கையை விட்டுப் பாருங்கள், உடம்புச் சூட்டுக்கு மேல் வேண்டாம்.

புண் வந்தேவிட்டது என்றால்

சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றி, உலர்ந்த காஸ் துணியை வைத்து லேசாகக் கட்டுங்கள். பிளாஸ்டரைத் தோலில் நேரடியாக இறுக்கி ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பொடி, விழுது, நுரைக்கிற மருந்து எதுவும் மேலே வேண்டாம், நாங்கள் பார்க்கும்போது புண் எப்படி இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. அந்தக் காலில் நடமாட்டத்தைக் குறைத்துவிட்டு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றோ மறுநாளோ எங்களுக்குப் போன் செய்யுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்ற கணக்கு வேண்டாம். புண்ணின் ஓரத்திலிருந்து சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவியிருந்தாலோ, சீழ், நாற்றம், கருத்த தோல் இருந்தாலோ, காய்ச்சலோ குளிரோ வந்தாலோ, காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே போனாலோ ராத்திரியாக இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிட்டால், சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று நீங்களும் பார்க்கலாம், டாக்டரும் பார்க்கலாம்.

போன் செய்யும்போது நாலு விஷயம் சொன்னால் எங்களுக்கு வேலை சுலபம்: எந்தக் காலில் எந்த இடம், எப்போது முதலில் பார்த்தீர்கள், கசிவோ நாற்றமோ உண்டா, காய்ச்சல் உண்டா. முடிந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வரும்போது அன்றைக்குப் போட்டிருந்த செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள், விசேஷத்துக்கு வைத்திருக்கும் நல்ல ஜோடி வேண்டாம். சாக்ஸில் கறை இருந்தால் துவைக்காமல் அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.